ஓரத்தில் நிற்பவர் முகம் அகலாமல் குரூப் போட்டோ: வைட் லென்ஸில் ஆட்களை நிறுத்தும் முறை

ஆல்பம் கொடுத்த மறுநாள் பெண்ணின் சித்தப்பா போன் செய்தார். "தம்பி, போட்டோ எல்லாம் நல்லாருக்கு. அந்தக் குடும்ப போட்டோல மட்டும் என் முகம் ஏன் பரங்கிக்காய் மாதிரி இருக்கு?" எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். மூன்று வரிசை, வரிசைக்குப் பதின்மூன்று பேர். மணமேடையில் எடுத்த படம், 24 மில்லிமீட்டரில். நடுவில் மாப்பிள்ளையும் பெண்ணும் அழகாக இருந்தார்கள். இடது ஓரத்தில் நின்ற சித்தப்பாவின் கன்னம் மட்டும் வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. நேரில் ஒல்லியான மனிதர் அவர்.

அந்தப் போன் வந்த பிறகுதான் இந்த விஷயத்தை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மண்டபத்தில் முப்பது நாற்பது பேரை நிறுத்தி எடுக்கும்போது இப்போது நான் செய்வது எல்லாம் அந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான்.

லென்ஸின் குற்றமா?

இல்லை. விலை கூடிய லென்ஸ் வாங்கினாலும் இது போகாது. ஒரு டார்ச்சைச் சுவருக்கு நேராகப் பிடித்து அடியுங்கள், வட்டமாக விழும். அதே டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள், வட்டம் முட்டையாகிவிடும். கேமராவுக்குள் நடப்பதும் இதேதான். சென்சார் தட்டையான சுவர். நடுவில் இருக்கும் தலையிலிருந்து வரும் வெளிச்சம் அதில் நேராக விழுகிறது. ஓரத்தில் இருக்கும் தலையிலிருந்து வருவது சாய்வாக விழுகிறது. தலை கிட்டத்தட்ட உருண்டை என்பதால், சாய்வு கூடக் கூட அது முட்டையாகிறது. எந்தப் பக்கம் இழுக்கும் என்றால், படத்தின் நடுவிலிருந்து வெளியே போகும் திசையில். இடது ஓரத்தில் நிற்பவருக்கு அகலவாக்கில். மூலையில் இருப்பவருக்குக் குறுக்காக, கோணலான முட்டை போல.

எவ்வளவு இழுக்கும் என்பதையும் சொல்லிவிடலாம். ஃபுல் ஃபிரேம் கேமராவில் படத்தின் இடது, வலது ஓரத்தில் இருக்கும் ஒரு உருண்டை, 50 மில்லிமீட்டரில் சுமார் 6 சதவீதம் அகலும். 35-ல் 12, 24-ல் 25, 16-ல் 50 சதவீதம். மூலைகளில் இதைவிட அதிகம். 24 மில்லிமீட்டரில் மூலையில் 35 சதவீதம் வரை போகும். என் கண்ணுக்கு 5, 6 சதவீதம் வரை யாருக்கும் தெரிவதில்லை. 12-ஐத் தேடிப் பார்த்தால்தான் தெரியும். 20-ஐத் தாண்டினால் சித்தப்பா போன் செய்வார்.

நம்பிக்கை வரவில்லை என்றால் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு ரப்பர் பந்தை ஸ்டூலின் மேல் வையுங்கள். 24 மில்லிமீட்டரில் பந்தை நடுவில் வைத்து ஒரு படம். பிறகு நின்ற இடத்திலிருந்து நகராமல் கேமராவை மட்டும் திருப்பி, பந்து ஓரத்தை ஒட்டி வரும்படி இன்னொரு படம். கம்ப்யூட்டர் திரையில் ஸ்கேல் வைத்து அளந்தால், உயரம் 4 சென்டிமீட்டர் இருக்கும் பந்தின் அகலம் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் இருக்கும்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுவோம். வைட் லென்ஸில் தூண்கள் வெளிப்பக்கமாக வளைந்து தெரிவது வேறு விஷயம், அது லென்ஸின் குறை. அதைச் சாஃப்ட்வேரில் நிமிர்த்தலாம். ஆனால் தூணை நிமிர்த்தினால் முகம் இன்னும் கொஞ்சம் அகலும். எடிட்டிங் பற்றிப் பேசும்போது மறுபடி இதற்கு வருகிறேன்.

முதல் வேலை: நீளத்தையும் தூரத்தையும் பார்ப்பது

மேலே மில்லிமீட்டரில் சொன்னேன். ஆனால் மண்டபத்தில் நிற்கும்போது மில்லிமீட்டரை மறந்துவிடலாம். ஓரத்து முகம் எவ்வளவு சாய்வில் இருக்கிறது என்பதை இரண்டே விஷயம்தான் தீர்மானிக்கிறது: வரிசை எவ்வளவு நீளம், நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள். அதே இடத்தில் நின்று லென்ஸை மட்டும் மாற்றினால் ஓரத்து முகத்தின் வடிவம் மாறாது. சுற்றி இருக்கும் இடம்தான் கூடும், குறையும்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. வரிசை எவ்வளவு நீளமோ, குறைந்தது அவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும். அப்படி நின்றால் கடைசி ஆளுக்கு அதிகபட்சம் 12 சதவீதம்தான் இழுக்கும். வரிசையைப் போல ஒன்றரை மடங்கு தூரம் கிடைத்தால் 5 சதவீதம், கவலையே இல்லை. வரிசை நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூரம்தான் கிடைக்கிறது என்றால் 25 சதவீதம். அங்கே ஆட்களை மாற்றி நிறுத்தாமல் கிளிக் செய்யக் கூடாது.

அடிக்கணக்கு போட டேப் தேவையில்லை. தோளோடு தோள் நேராக நிற்கும் ஒருவருக்கு ஒன்றரை அடி. மண்டபத்துப் பிளாஸ்டிக் சேர் வரிசையில், ஒரு வரிசையிலிருந்து அடுத்ததுக்குச் சுமார் மூன்று அடி. அல்லது நடந்தே பார்த்துவிடலாம், என் நடையில் இரண்டு எட்டு வைத்தால் ஐந்து அடி.

வரிசையைச் சுருக்குவது

பின்னால் போக இடமில்லை என்பதுதான் பெரும்பாலும் நம் பிரச்சினை. வீடியோக்காரர், கிரேன், முன் வரிசைப் பெரியவர்கள் எல்லாரும் இருப்பார்கள். அப்போது தூரத்தைக் கூட்டுவதைவிட நீளத்தைக் குறைப்பது சுலபம்.

முதலில் எல்லாரையும் லேசாக நடுப்பக்கம் திரும்பி, ஒரு தோளை முன்னால் நிற்பவரின் தோளுக்குப் பின்னால் செருகச் சொல்லுங்கள். ஒருவருக்கு ஒன்றேகால் அடி போதும். பன்னிரண்டு பேர் நிற்கும் வரிசையில் இதனாலேயே மூன்று அடி மிச்சம். திரும்பி நிற்பதால் உடம்பு மெலிந்து தெரியும் என்பதும் உண்மை. ஆனால் முகத்தின் நீட்டல் இதனால் குறையாது. தலை உருண்டை, எந்தப் பக்கம் திரும்பினாலும் உருண்டைதான்.

அடுத்தது, வரிசைகளைக் கூட்டுவது. இரண்டு நீள வரிசைக்குப் பதில் நான்கு குட்டை வரிசை. குழந்தைகள் தரையில், பெரியவர்கள் சேரில், அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்கள், அதற்கும் பின்னால் சாப்பாட்டுக் கூடத்துப் பெஞ்சில் ஏறி நிற்பவர்கள். ஆட்களை மேலே ஏற்றும் முன் பெஞ்சை ஆட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். மடக்கு பெஞ்சாக இருந்தால் கொக்கி விழுந்திருக்கிறதா என்றும்.

நான்கு வரிசையையும் ஒரே நீளமாக வைக்காதீர்கள். மூலையில்தான் அதிகம் இழுக்கும் என்று பார்த்தோம். அதனால் நடுவில் இருக்கும் வரிசை நீளமாக, தரையில் உட்காரும் வரிசையும் பெஞ்சு வரிசையும் குட்டையாக இருக்கட்டும். கூட்டம் மொத்தமும் ஒரு தட்டில் வைத்த வெற்றிலையைப் போல, மேலும் கீழும் ஒடுங்கி இருந்தால் மூலைகள் காலியாகிவிடும். காலியான மூலையில் யார் முகமும் கெடாது.

அரைவட்டமா, நேர்க்கோடா?

இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். எல்லாரும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கட்டும் என்று, ஓரத்தில் இருப்பவர்களை முன்னால் இழுத்து அரைவட்டமாக நிறுத்துவார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நிறுத்தினேன், ஃபோகஸுக்கு நல்லது என்று நினைத்து.

சித்தப்பாவின் அந்தப் படத்தையே எடுத்துக்கொள்வோம், அதை 14 அடி தூரத்தில் நின்று எடுத்தேன். நேர்க்கோட்டில் நின்றதால் அவர் முகம் சுமார் 20 சதவீதம் அகன்றது, உயரம் நடுவில் இருப்பவர்கள் அளவே இருந்தது. அவரை அதே சாய்வில் அரைவட்டத்துக்காக முன்னால் இழுத்திருந்தால், முகம் உயரத்திலும் 20 சதவீதம் பெருத்து, அகலம் 44 சதவீதம் கூடியிருக்கும். ஃபோகஸ் கணக்கும் தப்பு. சாதாரண லென்ஸ் ஃபோகஸ் செய்வது கேமராவுக்கு இணையான, கிட்டத்தட்டத் தட்டையான ஒரு தளத்தில். நேர்க்கோட்டில் நிற்கும் வரிசைதான் அந்தத் தளத்தில் இருக்கும்.

மாறாக, ஓரத்து ஆட்களை இரண்டு அடி பின்னால் தள்ளுங்கள். சித்தப்பா 16 அடி தூரத்துக்குப் போயிருந்தால் வடிவ நீட்டல் 15, 16 சதவீதமாகக் குறைந்திருக்கும். முகமும் மொத்தத்தில் கொஞ்சம் சிறியதாகி, அகலம் நடுவில் இருப்பவர்களின் அகலத்துக்கே வந்திருக்கும். உயரம் சற்றுக் குறையும், அதை யாரும் கவனிப்பதில்லை. குண்டாகத் தெரிவதைத்தான் கவனிப்பார்கள். ஆக, வரிசை வளைந்தால் நடு முன்னாலும் ஓரம் பின்னாலும் இருக்கும்படி வளையட்டும்.

அரைவட்டம் சரியாக வரும் இடம் ஒன்று உண்டு. 1904-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சர்குட் கேமரா, படம் எடுக்கும்போது தானே சுழலும், உள்ளே ஃபிலிமும் கூடவே நகரும். அதில் ஒவ்வொரு முகத்தையும் லென்ஸ் நேராகப் பார்ப்பதால் ஓரம் அகலாது. நூற்றுக்கணக்கான பேரை அதன் முன் அரைவட்டமாக நிறுத்தினால், படத்தில் வரிசை நேராக வரும். அந்தக் கேமராவுக்குச் சரியான நிறுத்தம் நம் கேமராவுக்குச் சரியில்லை, அவ்வளவுதான்.

கேமராவை எங்கே வைப்பது

வரிசையின் நடுவுக்கு நேர் எதிரே நில்லுங்கள். ஒரு அடி இடதுபக்கம் தள்ளி நின்று கேமராவைத் திருப்பி எடுத்தால், ஒரு ஓரம் நெருங்கிப் பெரிதாகும், இன்னொரு ஓரம் சிறிதாகும். நடு வரிசையில் இருக்கும் ஒருவரை மனதில் அடையாளம் வைத்து, கேமராவின் கட்டக் கோடுகளின் நடுவில் அவர் வருகிறாரா என்று பாருங்கள்.

உயரமும் முக்கியம். நடு வரிசை முகங்களின் மட்டத்தில் லென்ஸ் இருந்து, கேமரா சாயாமல் இருக்க வேண்டும். மணமேடை மூன்றடி உயரம் என்றால், கீழே நின்று அண்ணாந்து எடுக்கும் படத்தில் முன்னால் இருப்பவர்களின் முழங்காலும் பாதமும் பெரிதாகி, பின் வரிசைத் தலைகள் சிறுத்துவிடும். அதனால் ஒரு டேபிளோ ஏணியோ கட்டாயம். ரொம்ப உயரத்தில் ஏறிக் குனிந்து எடுத்தாலும் கெடும், தலை பெருத்துக் கால் சூம்பிவிடும். வெளியே மொட்டை மாடியிலிருந்து நூறு பேரை எடுப்பது வேறு, அங்கே தூரம் தாராளமாக இருக்கும்.

ஓரத்தில் யார்?

எப்படியும் யாராவது ஒருவர் ஓரத்தில் நின்றாக வேண்டும். ஒல்லியான, நீள முகம் உள்ளவர்கள் அங்கே நிற்கட்டும். வட்ட முகம், கனத்த உடம்பு, கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் நடுப்பக்கம். குழந்தையின் தலை நல்ல உருண்டை என்பதால் நீட்டல் பளிச்சென்று தெரியும். ஓரத்து ஆளின் வெளிப்பக்கக் கை உடம்போடு ஒட்டி, முடிந்தால் முன்னால் மடக்கி இருக்கட்டும். இடுப்பில் கை வைத்து முழங்கையை வெளியே நீட்டினால் அந்த முழங்கை தனியாக நீண்டு தெரியும். தலையை வெளிப்பக்கம் சாய்க்கவும் விடாதீர்கள்.

இதைச் சொல்லும் விதத்தில் கவனம் வேண்டும். "நீங்க குண்டா இருக்கீங்க, நடுவுல வாங்க" என்று சொல்லி உதை வாங்கத் தேவையில்லை. "அத்தை, நீங்க பெண்ணுக்குப் பக்கத்துல வந்து உட்காருங்க" என்றால் சந்தோஷமாக வருவார்கள். ஓரத்துக்கு நான் கூப்பிடுவது மாப்பிள்ளையின் நண்பர்களை. அவர்கள் எங்கே நின்றாலும் கேட்க மாட்டார்கள்.

ஒரு படத்தின் முழுக் கணக்கு

சித்தப்பா விவகாரத்துக்குப் பிறகு வந்த ஒரு கல்யாணம். முப்பத்தெட்டு பேர். மேடை முன்னால் 14 அடிதான் இருந்தது. முன்னாலிருந்த இரண்டு சேர் வரிசையை எடுத்து ஓரமாகப் போடச் சொன்னேன். ஐந்து நிமிட வேலை, நின்றவர்களைவிட மண்டபத்துப் பையன்கள்தான் முணுமுணுத்தார்கள். இப்போது நிற்கும் வரிசைக்கு 20 அடி கிடைத்தது.

தரையில் எட்டுக் குழந்தைகள், சேரில் ஒன்பது பேர், நிற்பவர் பதினோரு பேர், பெஞ்சில் பத்துப் பேர். நீளமான வரிசை பதினோரு பேர், ஆளுக்கு ஒன்றேகால் அடி, மொத்தம் ஏறக்குறைய 14 அடி. தூரம் 20 அடி, வரிசையைவிட ஒன்றரை மடங்குக்கு அருகில். ஓரத்து முகத்துக்கு 5 சதவீதம்தான் வரும்.

பிறகுதான் ஜூமைத் தொட்டேன். 40 மில்லிமீட்டரில் 20 அடி தூரத்தில் 18 அடி அகலம் படத்துக்குள் வரும். 14 அடி வரிசைக்கு இரண்டு பக்கமும் இரண்டு அடி மிச்சம். அந்த மிச்சம் வேண்டும், ஆல்பம் வடிவமைப்பவர் வெட்டும்போது யாருடைய தோளும் போகாமல் இருக்க.

முன் வரிசைக் குழந்தைகள் சுமார் 15 அடியிலும் பெஞ்சு வரிசை 22 அடிக்குச் சற்று மேலும் இருந்தார்கள். சேரில் இருந்த ஒருவர் முகத்தில், 18 அடி வாக்கில் ஃபோகஸ். அப்பர்ச்சர் 5.6 வைத்தாலே 12 அடியிலிருந்து 40 அடி வரை தெளிவாக இருக்கும். மண்டப விளக்கில் 11, 16 என்று மூடிக்கொண்டு ஐஎஸ்ஓவை ஏற்றத் தேவையில்லை.

முதல் படம் எடுத்ததும் திரையில் பெரிதாக்கி நேராக இடது, வலது ஓரத்துக்குப் போனேன். ஓரத்து ஆளின் காதிலிருந்து காது வரையும், அவருக்கு உள்பக்கம் மூன்றாவதாக நிற்பவரின் காதிலிருந்து காது வரையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். வெளிப்பக்கக் கன்னம் மட்டும் தடித்துத் தெரிந்தால், ஓரத்தில் இருவரைப் பெஞ்சு வரிசையின் நடுவுக்கு அனுப்பிவிடுவேன். நடுவில் இருக்கும் முகங்களைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். அங்கே கெட்டால் கண் மூடியிருப்பதால்தான் கெடும்.

போனில் எடுப்பவர்களுக்கு

கணக்கு மாறாது. போனின் சாதாரண கேமரா பெரும்பாலும் 24 முதல் 26 மில்லிமீட்டருக்குச் சமம். 0.5x என்பது பல போன்களில் 13 மில்லிமீட்டர் வாக்கில். அதில் ஓரத்தில் ஒரு உருண்டை 65 சதவீதம் வரை அகலும். பல போன்கள் முகத்தைக் கண்டுபிடித்துத் தானே திருத்தும், ஆனால் ஓரத்துத் தோளும் கையும் விநோதமாக வளைவதைப் பார்த்திருப்பீர்கள். கூட்டம் படத்துக்குள் வரவில்லை என்றால் 0.5x-ஐ அமுக்குவதற்கு முன் நாலு எட்டு பின்னால் போய்ப் பாருங்கள். தாராளமாக இடம் இருந்தால் 2x-ஐ அமுக்கிவிட்டு இன்னும் பின்னால் போங்கள். 2x உங்களைப் பின்னால் போக வைப்பதுதான் லாபம்.

இடமே இல்லை என்றால்

சின்ன வீட்டு ஹால், பத்தடிக்குப் பின்னால் சுவர். அங்கே இரண்டு வழி. ஒன்று, கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி, 50 மில்லிமீட்டரில் நெடுக்குவாட்டில் இடமிருந்து வலமாக நான்கைந்து படம் எடுத்து லைட்ரூமில் `Photo Merge` > `Panorama` கொடுத்து, `Cylindrical` என்பதைத் தேர்ந்தெடுப்பது. சர்குட் கேமரா செய்ததையே இது செய்கிறது. ஆட்களையும் அதற்கேற்றபடி அரைவட்டமாக நிறுத்தலாம், இங்கே அது சரி. ஒவ்வொரு படத்திலும் மூன்றில் ஒரு பங்கு அடுத்ததோடு சேர்ந்து வர வேண்டும். குழந்தைகள் இருந்தால் இதற்குப் போகாதீர்கள், ஒரு பையனுக்கு மூன்று கை வந்த படம் என்னிடம் இருக்கிறது.

இரண்டாவது, வாசல் கதவை முழுசாகத் திறந்துவிட்டு, கதவுக்கு வெளியே நின்று எடுப்பது. எனக்கு இதுதான் பிடிக்கும். கதவு நிலை படத்தில் வராதபடி ஜூமைக் கொஞ்சம் உள்ளே இழுத்தால் போதும், ஐந்தாறு அடி கூடுதலாகக் கிடைத்துவிடும்.

ஏற்கெனவே எடுத்துக் கெட்டுப்போன படத்துக்கு

லைட்ரூமில் `Lens Corrections` > `Profile` போய், `Distortion` ஸ்லைடரை 0-க்குக் கொண்டுவாருங்கள். லென்ஸின் இயல்பான வளைவு திரும்ப வரும், அந்த வளைவு ஓரத்து முகத்தைக் கொஞ்சம் உள்ளே அமுக்கும். போதவில்லை என்றால் `Manual` தாவலில் உள்ள `Distortion`-ஐ மைனஸ் பக்கம் பத்து, பதினைந்து நகர்த்திப் பாருங்கள். பின்னால் மரம், திரை, பூ அலங்காரம் இருந்தால் யாருக்கும் தெரியாது. தூணும் டைல்ஸ் கோடும் இருந்தால் வளைவு காட்டிக் கொடுத்துவிடும். DxO ViewPoint-இல் `Volume Deformation` என்று இதற்கென்றே ஒரு திருத்தம் இருக்கிறது, அதிலும் நேர்க்கோடுகள் வளைவதை ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும்.

சித்தப்பாவின் படத்தில் பின்னால் மேடை அலங்காரத்தின் தூண் இருந்தது. அதனால் மொத்தப் படத்தையும் தொடவில்லை. ஃபோட்டோஷாப்பில் `Liquify` திறந்து, அவர் முகத்துக்கு மட்டும் `Face Width`-ஐக் குறைத்து, தோளைக் கையால் லேசாக உள்ளே தள்ளினேன். அதே ஓரத்தில் கீழ் வரிசையில் இருந்த அவர் பேத்திக்கும் அதையே செய்தேன். புதுப் பக்கத்தை அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இப்ப இந்த ஓரத்துல நம்ம மச்சான் முகம்தான் பெருசா இருக்கு, அது அப்படியே இருக்கட்டும்" என்றார்.